ஒரே ஆள், இரண்டு புரொஃபைல்

வேலைக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டரின் கணினியில் பெரும்பாலும் இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கும். ஒன்று லிங்க்ட்இன். இன்னொன்று நௌக்ரி நிறுவனங்களுக்குக் கட்டணத்துக்குத் தரும் 'ரெஸ்டெக்ஸ்' என்ற தேடுதளம். நாம் நௌக்ரியில் ஏற்றி வைக்கும் விவரமெல்லாம் போய்ச் சேருவது அங்கேதான். லிங்க்ட்இன்னில் ஒருவரைப் பார்த்துப் பிடித்துப்போனாலும் அங்கே பெரும்பாலும் போன் நம்பர் இருக்காது, சம்பளம் இருக்காது, நோட்டீஸ் பீரியட் இருக்காது. உடனே அதே பெயரையும் கம்பெனியையும் ரெஸ்டெக்ஸில் தேடுவார்கள். நௌக்ரியில் முதலில் கண்ணில் பட்டவரை லிங்க்ட்இன்னில் போய்ச் சரிபார்ப்பதும் உண்டு.

ஆக, நாம் வேறு வேறு நாளில், வேறு வேறு மனநிலையில் நிரப்பிய இரண்டு பக்கங்களையும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார். இது நம்மில் பலருக்கு உறைப்பதில்லை. நௌக்ரி வேலை தேடும்போது மட்டும் திறக்கிற பெட்டி, லிங்க்ட்இன் வேலை கிடைத்ததும் அறிவிக்கிற மேடை என்று பிரித்து வைத்திருக்கிறோம். அதனால் நௌக்ரி பழைய வேலையோடு நின்றுபோகிறது. லிங்க்ட்இன் மட்டும் முன்னே ஓடுகிறது.

இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இருக்கவும் முடியாது. கம்பெனி, பதவி, தேதி, அனுபவம், முக்கியத் திறன்கள் ஆகிய உண்மைகள் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சம்பளம் ஒன்றில் மட்டும், சரியாக இருக்க வேண்டும். எதை எங்கே, எப்போது மாற்றுவது என்பதை ஒரு உதாரணத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

கண்ணில் படாத டெஸ்டர்

சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். 2021 ஜூலை 12-ல் முதல் வேலையில் சேர்ந்தார். மேனுவல் டெஸ்டிங். 2024 ஜனவரியில் வேறு வேலை தேடி நௌக்ரியில் எல்லாவற்றையும் நிரப்பினார்: அனுபவம் 2 வருடம் 6 மாதம், சம்பளம் 4.2 லட்சம், நோட்டீஸ் பீரியடில் இருக்கிறேன் என்ற குறிப்பு. பிப்ரவரி 9-ல் பழைய கம்பெனியிலிருந்து ரிலீவ் ஆகி, 19-ஆம் தேதி புதிய இடத்தில் சேர்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே லிங்க்ட்இன்னில் புது வேலையைப் போட்டார், வாழ்த்துகள் குவிந்தன. நௌக்ரியை அதன்பின் தொடவில்லை.

இப்போது 2025 அக்டோபர். புதிய இடத்தில் அவர் முழுக்க ஆட்டோமேஷன் டெஸ்டிங் செய்கிறார். கையில் Selenium, Java, API testing இருக்கிறது. ஏப்ரல் அப்ரைசலுக்குப் பிறகு சிடிசி 7.4 லட்சம். அடுத்த வேலைக்கு முயலலாம் என்று நினைக்கிறார்.

ஒரு வங்கி மென்பொருள் திட்டத்துக்கு இவரைப் போன்ற ஆளே தேவைப்படுகிறார். ரெக்ரூட்டர் ரெஸ்டெக்ஸில் Selenium, Java என்று அடிக்கிறார். அனுபவம் 4 முதல் 6 வருடம், இப்போதைய சம்பளம் 5.5 முதல் 8 லட்சம், இடம் சென்னை என்று வடிகட்டுகிறார். நம் டெஸ்டர் அந்தப் பட்டியலில் வரவே மாட்டார். அனுபவத்தில் தோற்றார், சம்பளத்தில் தோற்றார், திறனிலும் தோற்றார். யாரும் அவரை நிராகரிக்கவில்லை. அவர் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு வருவதோ வேறு வகை அழைப்பு. "மேடம், மேனுவல் டெஸ்டிங் ரோல் ஒண்ணு இருக்கு, பட்ஜெட் அஞ்சு லட்சம், உடனே ஜாயின் பண்ணுவீங்களா?" என்று கன்சல்டன்சியிலிருந்து கேட்கிறார்கள். வரும் அழைப்பு எந்த வேலைக்கு, எந்தச் சம்பளத்துக்கு என்று கவனித்தாலே நௌக்ரியில் எது பழசாகிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். பழைய வேலைக்கு அழைப்பு வந்தால் தலைப்பும் திறனும் பழசு. வேலை சரியாக இருந்து, "கரன்ட் சிடிசி என்ன?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் மறுமுனை தயங்கினால் சம்பளப் புலம் பழசு.

இன்னொரு ரெக்ரூட்டர் லிங்க்ட்இன்னில் அவரைக் கண்டுபிடிக்கிறார் என்று வையுங்கள். போன் நம்பருக்காக ரெஸ்டெக்ஸுக்குப் போனால், வேறு கம்பெனி, வேறு பதவி, பாதி அனுபவம். எது உண்மை என்று போன் போட்டுக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஐம்பது பேரைப் பார்க்க வேண்டிய நாளில் அடுத்த பெயருக்குத் தாவுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தலைப்பு: முதல் நான்கு சொற்கள்

இரண்டு தளத்திலும் தலைப்பு என்று ஒன்று உண்டு. ஆனால் வேலை வேறு. நௌக்ரியின் `Resume headline` 250 எழுத்து வரை இடம் தரும். லிங்க்ட்இன் ஹெட்லைன் 220 எழுத்து. நௌக்ரியில் இதைப் படிப்பவர் ரெக்ரூட்டர் மட்டுமே. லிங்க்ட்இன்னில் நம் பெயர் எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் இதுவும் தொங்கிக்கொண்டு வரும்: தேடல் முடிவில், நாம் போடும் பின்னூட்டத்தில், அனுப்பும் அழைப்பில். அதிலும் பல இடங்களில் தொடக்கம் மட்டும் தெரியும், மீதி புள்ளிகளாகிவிடும்.

அதனால் செய்ய வேண்டியது எளிது. இரண்டிலும் முதல் சில சொற்கள் ஒன்றாக இருக்கட்டும். அந்தச் சொற்கள் வேலையின் சந்தைப் பெயராக இருக்கட்டும். நம் டெஸ்டரின் பழைய நௌக்ரி தலைப்பு இது:

```
Manual Tester looking for a challenging position in a reputed company
```

இதில் 'Manual Tester' தவிர மற்ற எதையும் யாரும் தேடப் போவதில்லை. அவர் இப்போது எழுத வேண்டியது:

```
QA Automation Engineer with 4+ years in Selenium, Java, TestNG and API testing, banking domain, Chennai
```

லிங்க்ட்இன்னுக்கு அதன் சுருக்கம்:

```
QA Automation Engineer | Selenium, Java, API Testing | Banking
```

நௌக்ரியில் வருடக் கணக்கு இருக்கிறது, லிங்க்ட்இன்னில் இல்லை. இது தெரிந்தே செய்தது. நௌக்ரியில் அனுபவத்துக்குத் தனிப் புலமும் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவோம். லிங்க்ட்இன் ஹெட்லைனில் போடும் எண்ணை மறந்துவிடுவோம். '3 years' என்ற சொல் ஐந்தாம் வருடத்திலும் அங்கேயே கிடக்கும். 'Immediate joiner', 'Serving notice' போன்றவற்றுக்கும் இதே நியாயம்தான். அவற்றுக்கு நௌக்ரியில் தனி இடம் உண்டு, அங்கே போடுங்கள். வேலையில் சேர்ந்த அன்றே எடுத்துவிடவும் மறக்காதீர்கள். புதிய கம்பெனியின் எச்.ஆரும் ரெஸ்டெக்ஸ் பார்க்கிறவர்தான். நேற்றுச் சேர்ந்த ஆள் இன்னும் வேலை தேடுவதுபோல் தெரிந்தால் நன்றாக இருக்காது.

லிங்க்ட்இன்னில் இன்னொரு சிறு பொறி இருக்கிறது. ஹெட்லைனை நாமே எழுதாவிட்டால், இப்போதைய பதவியும் கம்பெனிப் பெயருமே ஹெட்லைனாக நிற்கும். 'Senior Analyst at' என்று தொடங்கும் அந்த வரியைப் பார்த்து, இவர் டெஸ்டரா, கணக்கு பார்ப்பவரா, வங்கிக்காரரா என்று யாராலும் சொல்ல முடியாது.

பதவிப் பெயர் கம்பெனி கொடுத்தது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பெரிய ஐடி கம்பெனிகளில் பதவிப் பெயருக்கும் செய்யும் வேலைக்கும் பெரிய தொடர்பு இருக்காது. டிசிஎஸ்ஸில் 'அசிஸ்டென்ட் சிஸ்டம் எஞ்சினியர்', காக்னிசன்ட்டில் 'புரோகிராமர் அனலிஸ்ட்' என்ற பெயரில் டெஸ்டிங் செய்கிறவரும் இருப்பார், டேட்டாபேஸ் பார்க்கிறவரும் இருப்பார். எனவே சிலர் லிங்க்ட்இன்னில் பதவி என்ற இடத்திலேயே 'QA Automation Lead' என்று தாங்களே சூட்டிக்கொள்கிறார்கள். நௌக்ரியில் ஆஃபர் லெட்டரில் உள்ள பெயர் இருக்கிறது. இரண்டும் முட்டுகின்றன.

தலைப்பு நம்முடையது, பதவி கம்பெனியுடையது. பதவி என்ற புலத்தில் இரண்டு தளத்திலும் ரிலீவிங் லெட்டரில் என்ன வருமோ அதையே போடுங்கள். செய்யும் வேலையின் பெயரைத் தலைப்பிலும், அந்தப் பதவிக்குக் கீழே எழுதும் விவரத்தின் முதல் வரியிலும் சொல்லுங்கள். ஆஃபர் கைக்கு வந்தபின் நடக்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் பழைய கம்பெனியின் எச்.ஆரிடம் கேட்பது பதவிப் பெயரைத்தான். அவர் தன் பதிவேட்டில் உள்ளதைத்தான் சொல்வார்.

மூன்றாம் நிறுவனத்தின் பேரோலில் இருந்துகொண்டு பெரிய கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். லிங்க்ட்இன்னில் க்ளையன்ட்டின் பெயரைப் பெருமையாகப் போட்டுவிடுவார்கள். நௌக்ரியில் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் இருக்கும். பிஎஃப் கணக்கில் பதிவாவது சம்பளம் கொடுப்பவரின் பெயர்தான். வெரிஃபிகேஷன் செய்கிறவர்கள் யூஏஎன் எண்ணை வைத்து அதைப் பார்க்கிறார்கள். ஆகவே கம்பெனி என்ற புலத்தில் பேரோல் நிறுவனம். க்ளையன்ட்டின் பெயரைச் சொல்ல அனுமதி இருந்தால் கீழே விவரத்தில். இரண்டிலும் இப்படியே.

தேதிக் கணக்கு ஏன் பொருந்துவதில்லை?

நம் டெஸ்டருக்கு அக்டோபர் நடுவில் உண்மையான அனுபவம் 4 வருடம் 3 மாதம். லிங்க்ட்இன்னோ இரண்டு வேலைக்கும் தனித்தனியே கணக்குக் காட்டும். முதல் வேலை 2021 ஜூலை முதல் 2024 பிப்ரவரி வரை, 2 வருடம் 8 மாதம். இரண்டாவது 2024 பிப்ரவரி முதல் இன்றுவரை, 1 வருடம் 9 மாதம். கூட்டினால் 4 வருடம் 5 மாதம். இரண்டு மாதம் கூடுதலாக வந்தது எப்படி?

லிங்க்ட்இன் நாளைப் பார்ப்பதில்லை. மாதத்தையும் வருடத்தையும் மட்டும் பார்க்கிறது. தொடங்கிய மாதம், முடிந்த மாதம் இரண்டையும் முழு மாதமாக எண்ணிக்கொள்கிறது. ஜூலை 12-ல் சேர்ந்தாலும் ஜூலை ஒரு மாதம். பிப்ரவரி 9-ல் விலகி 19-ல் சேர்ந்தால், பிப்ரவரி இரண்டு வேலையிலும் எண்ணப்படுகிறது. இதில் நம் தப்பு ஒன்றுமில்லை, திருத்தவும் வழியில்லை. நான்கைந்து வேலை மாறியவருக்கு இப்படியே நாலைந்து மாதம் கூடிப்போகும்.

நௌக்ரியின் மொத்த அனுபவத்தை லிங்க்ட்இன் காட்டும் எண்களைக் கூட்டிப் போடாதீர்கள் என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. ரிலீவிங் லெட்டரில் உள்ள நாட்களை வைத்து நீங்களே கணக்கிட்டுப் போடுங்கள். இரண்டு மாத வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் வேலை தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும் இரண்டு தளத்திலும், இணைத்திருக்கும் ரெஸ்யூமேயிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் பிப்ரவரி, இன்னொன்றில் ஏப்ரல் என்று இருந்தால், இடைவெளியை மூடி மறைக்கப் பார்த்தார் என்ற எண்ணம் வந்துவிடும். ஞாபகத்தை நம்பாமல், ரிலீவிங் லெட்டர்களையும் யூஏஎன் கணக்கில் உள்ள சேர்ந்த தேதி, விலகிய தேதிகளையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிஎஃப் பதிவிலேயே விலகிய தேதி ஏறாமலோ தவறாகவோ இருப்பது உண்டு. அதையும் அப்போதே பழைய கம்பெனியிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம்.

திறன்: ஒரே எழுத்தில், ஒரே பெயரில்

லிங்க்ட்இன்னில் நூறு திறன்கள் வரை சேர்க்கலாம். சேர்க்கலாம் என்பதற்காகவே பலர் சேர்த்துவிடுகிறார்கள்: Leadership, Microsoft Word, Team Work, கல்லூரியில் ஒரு செமஸ்டர் படித்த C++. நௌக்ரியில் `Key skills` என்று ஒரு பகுதி. ஐடிகாரர்களுக்கு `IT skills` என்று இன்னொரு பட்டியல். இந்த இரண்டாவது பட்டியல் கொஞ்சம் கறாரானது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் எந்தப் பதிப்பு, கடைசியாக எந்த வருடம் பயன்படுத்தினீர்கள், எத்தனை வருட அனுபவம் என்று கேட்கும்.

அந்தக் கேள்விகளை வைத்தே இரண்டு பட்டியலையும் சுத்தம் செய்யலாம். ஒரு தாளில் நீங்கள் தெரிந்ததாகச் சொல்லும் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, எந்த வேலையில், எந்த வருடம் வரை தொட்டீர்கள் என்று எழுதுங்கள். நம் டெஸ்டருக்கு Selenium, Java, TestNG, Postman, SQL, JIRA ஆகியவற்றுக்கு நேரே 2025 வரும். முதல் வேலையில் மட்டும் தொட்ட ஒரு பழைய கருவிக்கு நேரே 2022 வரும். நேரே எதுவும் எழுத முடியாதவற்றை இரண்டு இடத்திலிருந்தும் எடுத்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு திறன்கள் நிற்கும். அவைதான் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டியவை. லிங்க்ட்இன்னில் இன்னும் சில கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை; நௌக்ரியில் முக்கியமாகச் சொன்ன ஒன்று லிங்க்ட்இன்னில் அடியோடு இல்லாமல் போனால்தான் உறுத்தும்.

எழுத்தும் பெயரும் முக்கியம். ஒருவர் 'API testing' என்று தேடும்போது நம் பக்கத்தில் 'Web services' என்று மட்டும் இருந்தால் பிடிபடாமல் போகலாம். இரண்டு தளமும் தட்டும்போதே பரிந்துரைப் பெயர்களைக் காட்டும், அதிலிருந்து எடுங்கள். உங்கள் துறையில் இப்போது வரும் பத்து வேலை விளம்பரங்களைப் பார்த்து, அதே திறனை அவர்கள் எந்தப் பெயரில் எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள். அந்தப் பெயரையே இரண்டிலும் வையுங்கள். லிங்க்ட்இன்னில் ஒரு திறனை எந்த வேலையில் பயன்படுத்தினோம் என்று அந்த வேலையோடு இணைக்கவும் முடியும். தலைப்பில் இருக்கும் மூன்று நான்கு திறன்களுக்காவது அதைச் செய்துவிடுங்கள். தலைப்பில் Java என்று இருந்து, எந்த வேலையின் விவரத்திலும் Java பற்றி ஒரு வரி இல்லாவிட்டால், நேர்காணலில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

சம்பளம்: ஒரே ஒரு இடத்தில்

நௌக்ரியில் இப்போதைய ஆண்டுச் சம்பளம் ஒரு புலம்; எதிர்பார்க்கும் சம்பளம் இன்னொன்று. லிங்க்ட்இன் புரொஃபைலில் நம் சம்பளத்துக்கென்று எல்லோரும் பார்க்கும் புலம் எதுவும் இல்லை. இருக்கவும் வேண்டாம். 'CTC 7.4, expecting 10' என்று அறிமுகப் பகுதியில் எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ரெக்ரூட்டர் பார்ப்பதற்கு முன்பே அதைப் பக்கத்துச் சீட்டுக்காரரும் மேனேஜரும் பார்த்துவிடுவார்கள்.

நௌக்ரியில் போடும் எண்ணில் வரும் முதல் குழப்பம், சிடிசியா கையில் வாங்குவதா என்பது. நம் டெஸ்டரின் அப்ரைசல் லெட்டரை எடுத்துப் பார்ப்போம். மொத்தம் 7,40,000 ரூபாய். அதில் 60,000 வேரியபிள்; கம்பெனி லாபமும் நம் ரேட்டிங்கும் பார்த்து வருவது. கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பிஎஃப் மாதம் 1,800 வீதம் 21,600. கிராஜுவிட்டிக்காக ஒதுக்கியது சுமார் 13,000. இவற்றைக் கழித்தால் 6,45,400. மாதத்துக்கு 53,800 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதிலிருந்து அவர் பங்கு பிஎஃப் 1,800-ம் தொழில் வரியும் போக, வங்கிக்கு வருவது 51,800 ரூபாய்போல. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 6.2 லட்சம்.

ஆக, கைக்கு வருவதைப் பெருக்கி எழுதினால் 6.2, சிடிசியை எழுதினால் 7.4. வித்தியாசம் ஒரு லட்சத்துக்கும் மேல். ரெக்ரூட்டர் 'கரன்ட் சிடிசி' என்று கேட்பதும், ஹைக் சதவீதம் கணக்கிடுவதும் சிடிசியை வைத்துத்தான். எனவே 7.4 என்பதுதான் போட வேண்டிய எண். ஃபிக்ஸட், வேரியபிள் என்று பிரித்துச் சொல்ல இடம் இருந்தால் 6.8-ம் 0.6-ம் எனப் பிரித்தே சொல்லுங்கள். சில கம்பெனிகள் ஃபிக்ஸட் தொகைக்கு மட்டும்தான் ஹைக் கொடுக்கும். போனில் அந்தக் கேள்வி எப்படியும் வரும்.

இரண்டாவது பிழை, ஆசையில் ஏற்றிப் போடுவது. 7.4-ஐ 9 என்று போட்டால் பெரிய பட்ஜெட் வேலைகளின் தேடலில் வரலாம். ஆனால் ஆஃபர் தருவதற்கு முன் கடைசி மூன்று மாதப் பேஸ்லிப்பையும் அப்ரைசல் லெட்டரையும் கேட்பார்கள். அங்கே உடைந்துவிடும். அதுவரை நடந்த மூன்று ரவுண்டு நேர்காணலும் வீண். அதிகம் வேண்டுமென்றால் அதற்கென்றே எதிர்பார்க்கும் சம்பளம் என்ற புலம் இருக்கிறது. அங்கே மனதில் உள்ளதைப் போடுங்கள். இப்போதைய சம்பளத்தைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, அப்ரைசல் கணக்கு. ஹைக் ஏப்ரல் முதல் என்று சொல்லி, லெட்டர் ஜூனிலோ ஜூலையிலோ கையில் தருவது பல இடங்களில் வழக்கம். லெட்டர் வருவதற்கு முன், மேனேஜர் வாயால் சொன்ன எண்ணைப் போட வேண்டாம். லெட்டர் வந்த வாரமே மாற்றிவிடுங்கள். அதை விட்டால் அடுத்த ஏப்ரல் வரை பழைய எண்ணே நிற்கும்; அந்த எண்ணை ஒட்டிய சம்பளத்துக்கே அழைப்பும் வரும்.

'இன்று புதுப்பிக்கப்பட்டது'

நௌக்ரியில் இரண்டு தேதிகள் உண்டு. நாம் கடைசியாக உள்ளே வந்தது ஒன்று. கடைசியாக விவரத்தை மாற்றியது இன்னொன்று. ரெக்ரூட்டர் கடந்த சில நாட்களில் தளத்துக்கு வந்தவர்களை மட்டும் காட்டு என்று வடிகட்டலாம். ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவரை அழைத்தால் எடுக்க மாட்டார், எடுத்தாலும் வேலை மாற மாட்டார் என்பது அவர்கள் அனுபவம்.

இதிலிருந்து ஒரு வைத்தியம் பிறந்தது. தினமும் காலையில் தலைப்பில் ஒரு புள்ளி வைத்துச் சேமிப்பது, மறுநாள் அந்தப் புள்ளியை எடுத்துச் சேமிப்பது. வேலை தேடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இது. தேதி புதிதாவது உண்மைதான். ஆனால் தேதி என்பது வடிகட்டிகளில் ஒன்று மட்டுமே. நம் டெஸ்டர் தினம் ஒரு புள்ளி வைத்தாலும், அனுபவம் 2 வருடம் 6 மாதம், சம்பளம் 4.2 என்று இருக்கும்வரை அந்த வங்கி வேலையின் பட்டியலில் வர மாட்டார். அதோடு, இன்று மாற்றியதாகத் தெரியும் பக்கத்தில் முந்தைய கம்பெனியே இப்போதைய கம்பெனியாக இருந்தால், பழசு என்று மன்னிக்கவும் வழி இல்லாமல் போகிறது. தீவிரமாகத் தேடும் நாட்களில் உள்ளே வந்து போவதும், நிஜமான ஒரு மாற்றம் இருந்தால் செய்வதும் போதும்.

லிங்க்ட்இன்னில் புரொஃபைலை எப்போது மாற்றினோம் என்று அப்படித் தெரிவதில்லை. `About this profile` என்ற இடத்தில் எப்போது சேர்ந்தோம், தொடர்பு விவரத்தையும் படத்தையும் எப்போது மாற்றினோம் என்று மட்டும் காட்டும். அங்கே கவனிக்க வேண்டியது வேறு: மாற்றத்தை நம் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிப்பதா வேண்டாமா என்ற பொத்தான். வேலையில் இருந்துகொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வேலையின் விவரங்களைத் திருத்துகிறீர்கள் என்றால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை காலை "என்னப்பா, எங்கேயோ கிளம்பிட்டே போல?" என்று கேட்பார்கள்.

`Open to work` குறியும் அப்படித்தான். எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் என்று வைத்தால், நம் கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் மறைக்க லிங்க்ட்இன் முயலும். ஆனால் முழு உத்தரவாதம் இல்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நௌக்ரியில் குறிப்பிட்ட கம்பெனிகள் நம்மைப் பார்க்க முடியாதபடி தடுக்கலாம். அந்தப் பட்டியலில் நம் கம்பெனியோடு அதன் கிளை நிறுவனங்களின் பெயரையும் சேர்க்க வேண்டும். வெளிக் கன்சல்டன்சி மூலமாக நம் கம்பெனியே ஆள் தேடினால் இந்தத் தடை பயன்படாது.

ஒரே உட்காரலில் செய்துவிடலாம்

வேலையின் வரிசை இதுதான். முதலில் ஒரு தாளில் கம்பெனிப் பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, மொத்த அனுபவம், பத்துப் பன்னிரண்டு திறன்கள், ஃபிக்ஸட், வேரியபிள், எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட் எல்லாவற்றையும் லெட்டர்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ரெஸ்யூமேயைத் திருத்துங்கள். நௌக்ரியில் இணைத்த ரெஸ்யூமேயின் எழுத்தும் தேடலுக்குள் வருவதால், புலங்களை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கோப்பை விட்டால் பாதி வேலைதான் ஆகும். மூன்றாவது நௌக்ரி. நான்காவது, அறிவிப்பை அணைத்துவிட்டு லிங்க்ட்இன். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ரெக்ரூட்டர் பார்க்கிறபடியே ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். தாளின் மேல் அன்றைய தேதியைப் போட்டு வையுங்கள். அப்ரைசல் லெட்டர் வரும்போதும், ரிலீவ் ஆகும்போதும், புதிய இடத்தில் சேரும்போதும் அதே தாளைத் திருத்தி, அதே வரிசையில் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

பலன் தெரிகிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. எத்தனை தேடலில் நம் பெயர் வந்தது என்று இரண்டு தளமும் காட்டுகின்றன. நம்மைத் தேடியவர்கள் எந்தப் பதவியில் உள்ளவர்கள், எங்கே வேலை செய்கிறவர்கள் என்ற குறிப்பும் லிங்க்ட்இன்னில் கிடைப்பதுண்டு. திருத்துவதற்கு முன் ஒருமுறையும், இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும் அந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைவிட முக்கியம், வரும் அழைப்பு சரியான வேலைக்குத்தானா என்பது. நம் டெஸ்டருக்கு ஆட்டோமேஷன் வேலைக்கு, ஒன்பது, பத்து லட்சம் பட்ஜெட்டில் போன் வரத் தொடங்கினால் புலங்கள் சரியாகிவிட்டன என்று அர்த்தம். நேர்காணலில் அவர் எப்படிச் செய்கிறார் என்பது வேறு கதை; அதற்கு எந்தப் புலமும் உதவாது. போன் வந்தும் வேலை அமையவில்லையென்றால் இனி புரொஃபைலை நோண்டிப் பயனில்லை. படிக்க உட்கார வேண்டியதுதான்.